வெளியிடும் முன் ஒரு கடைசிப் பார்வை

(கடற்கரை ஊர்களில் காணொளி தயாரிக்கும் தமிழ், மலையாள இளைஞர்களுக்காக விழிஞ்ஞத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 மே 2 அன்று, இங்கே கண்ணுக்கெதிரே தெரியும் இந்தத் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அவர் இந்தியில் பேசப் பேச, ஒருவர் மேடையிலேயே அதை மலையாளத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் பிரதமர், முதல்வர் பினராயி விஜயனைக் குறிப்பிட்டு, எதிர்க்கட்சிகளின் 'இண்டி அலையன்ஸ்' பற்றி அரசியல் வாசகம் ஒன்றைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரின் காதில் அது 'ஏர்லைன்ஸ்' என்று விழுந்தது. கூட்டணியைப் பற்றிய பேச்சு மலையாளத்தில் விமான நிறுவனங்களைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. மேடையில் ஒலி சரியாகக் கேட்கவில்லை என்று அவர் பிறகு விளக்கம் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல இதை நான் எடுக்கவில்லை. நேரலை மேடையில் நிற்கிறவருக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. நமக்கு உண்டு. அந்த நிகழ்வில் பிழை நகர்ந்த வழியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதலில் ஒலி கெட்டது. அதனால் ஒரு பெயர் கெட்டது. அதனால் செய்தியே வேறாகிவிட்டது. அந்த மலையாளக் குரலை மட்டும் கேட்டு ஒருவர் தமிழில் கேப்ஷன் போட்டிருந்தால், கேப்ஷன் குரலோடு அச்சாகப் பொருந்தியிருக்கும். குரலையும் எழுத்தையும் பத்து முறை ஒப்பிட்டாலும் பிழை தென்பட்டிருக்காது. பிரதமர் பேசிய இந்தி ஒலிப்பதிவை எடுத்து வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். ஒரு காணொளியை அதன் சொந்த ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சரிபார்ப்பாகாது. காணொளிக்கு வெளியே இருக்கும் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். தகவலுக்கு ஓர் ஆவணம், பெயருக்கு அந்தப் பெயருக்கு உரியவர், ஒலிக்கு ஓர் அளவுகோலும் ஸ்கிரிப்டை அறியாத ஒரு காதும், கேப்ஷனுக்கு மூலக் குரல். கடைசி ஃப்ரேம்களுக்கு, எக்ஸ்போர்ட் ஆகி வந்த கோப்பு.

ஓர் உதாரணத்தோடு போவோம். குமரி மாவட்டத்துப் பார்வையாளர்களுக்காக இந்தத் துறைமுகத்தைப் பற்றி மூன்று நிமிடக் காணொளி ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டில் இப்படி இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன: "இந்தியாவின் முதல் சரக்குப் பெட்டக மாற்று முனையமான விழிஞ்சத்துக்கு 2023இல் முதல் கப்பல் வந்தது. 2025 ஜூனில் உலகின் மிகப் பெரிய கப்பலான எம்எஸ்சி ஐரினா 24,346 கண்டெய்னர்களோடு வந்து சேர்ந்தது."

படிக்க நன்றாக இருக்கிறது. இதை அச்செடுத்து, ஒவ்வொரு பெயரையும், எண்ணையும், தேதியையும், 'முதல்', 'மிகப் பெரிய' போன்ற சொற்களையும் பேனாவால் வட்டமிடுங்கள். வட்டமிட்ட ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். இன்னொருவர் போட்ட காணொளியை ஆதாரமாக எழுதக் கூடாது. அவரும் வேறொருவரிடமிருந்து எடுத்திருப்பார்.

'முதல்' என்ற சொல்லில் தொடங்குவோம். கொச்சி வல்லார்பாடத்தில் 2011 பிப்ரவரியிலேயே கண்டெய்னர் மாற்று முனையம் திறக்கப்பட்டுவிட்டது. ஆகவே விழிஞ்ஞத்தை வெறுமனே 'முதல்' என்று சொன்னால் கொச்சிக்காரர் உடனே மறுப்பார். 'ஆழ்கடல்' என்ற அடைமொழியோடுதான் அந்த 'முதல்' இங்கே வழங்குகிறது. அடைமொழி விழுந்தால் வாக்கியமும் விழும்.

அடுத்தது முதல் கப்பல். 2023 அக்டோபர் 15 அன்று இங்கே விழா எடுத்து வரவேற்கப்பட்ட ஷென் ஹுவா 15, துறைமுகத்துக்கு வேண்டிய கிரேன்களைச் சீனாவிலிருந்து ஏற்றி வந்த கப்பல். கண்டெய்னர்களோடு வந்த முதல் தாய்க் கப்பல் சான் ஃபெர்னாண்டோ. அது 2024 ஜூலை 11 அன்று துறையில் கட்டியது. வரவேற்பு விழா மறுநாள் 12ஆம் தேதி. இரண்டு தேதிகளும் செய்திகளில் உண்டு. வந்த நாளைச் சொல்கிறோமா, விழா நாளைச் சொல்கிறோமா என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். 'துறைமுகம் திறக்கப்பட்டது' என்ற சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. வணிகப் பணி தொடங்கியது 2024 டிசம்பரில். பிரதமர் அர்ப்பணித்தது 2025 மேயில்.

ஐரினா இன்னும் நுட்பமானது. 24,346 என்பது 20 அடிப் பெட்டிக் கணக்கில் அந்தக் கப்பலின் முழுக் கொள்ளளவு. 40 அடிப் பெட்டி ஒன்று அந்தக் கணக்கில் இரண்டாக எண்ணப்படும். ஆகவே அன்று அதில் அத்தனை பெட்டிகள் இருந்தன என்று சொல்ல இந்த எண் இடம் தராது. 'உலகின் மிகப் பெரிய கப்பல்' என்பதும் நிற்காது. கண்டெய்னர் ஏற்றும் திறனில் மிகப் பெரியவற்றுள் ஒன்று என்பதே சரி. அதே கொள்ளளவில் எம்எஸ்சி லோரெட்டோ என்ற சகோதரக் கப்பலும் இருக்கிறது. நீளத்தில் இதை மிஞ்சிய எண்ணெய்க் கப்பல்கள் ஒரு காலத்தில் ஓடியிருக்கின்றன.

திருத்திய வடிவம் இப்படி வரும்: "இந்தியாவின் முதல் ஆழ்கடல் கண்டெய்னர் மாற்றுத் துறைமுகமான விழிஞ்ஞத்துக்கு, கண்டெய்னர்களோடு முதல் தாய்க் கப்பல் 2024 ஜூலை 11 அன்று வந்தது. ஏற்றும் திறனில் உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல்களுள் ஒன்றான எம்எஸ்சி ஐரினா 2025 ஜூன் 9 அன்று வந்தது." கொஞ்சம் நீண்டுவிட்டது. ஆனால் இதை யாரும் மறுக்க முடியாது.

காட்சியும் ஒரு தகவல்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3, மே 24 அன்று சாய்ந்து மறுநாள் மூழ்கியது. அதில் தீ விபத்து இல்லை. ஐரினா இங்கே வந்த அதே ஜூன் 9 அன்று கண்ணூருக்கு அப்பால் தீப்பற்றி எரிந்தது வான் ஹை 503 என்ற வேறொரு கப்பல். மூன்று வாரத்துக்குள் நடந்த இரண்டு விபத்துகள். இணையத்தில் தேடினால் இரண்டின் படங்களும் சேர்ந்துதான் வரும். எல்சாவைப் பற்றிப் பேசும்போது திரையில் புகை தெரிந்தால், ஸ்கிரிப்ட் எவ்வளவு சரியாக இருந்தாலும் காணொளி பொய் சொல்கிறது. அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று விவரம் எழுதி வையுங்கள்: எது, எங்கே, எந்த நாள். மூன்றில் ஒன்றை எழுத முடியவில்லை என்றால் அந்த ஷாட்டை நீக்குங்கள். பழைய காட்சி என்றால் திரையிலேயே 'கோப்புக் காட்சி' என்று போடுங்கள்.

ஏஐ கருவி உருவாக்கிய காட்சியில் இந்த மூன்று கேள்விகளுக்கும் பதிலே இராது. அது எங்கும் எடுக்கப்படவில்லை. ஒரு சாதாரணத் துறைமுகத்தை அது அழகாகக் காட்டும். ஆனால் இந்த ஊர்க்காரருக்கு, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நம் கலங்கரை விளக்கம் எங்கே, மீன்பிடித் துறை எங்கே என்று உடனே கேட்கத் தோன்றும். கப்பலின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து மாதிரியே இருக்கும், பல நேரம் வாசிக்க வராது. அலை எப்படி உருவாகிறது என்று விளக்க அப்படிப்பட்ட காட்சி உதவும். நடந்த சம்பவத்துக்குப் பதிலாக அதை வைக்கவே கூடாது. உண்மை போலத் தோன்றும் உருவாக்கிய காட்சிகளை, ஏற்றும்போதே அறிவிக்க வேண்டும் என்று யூடியூப் 2024 மார்ச்சில் விதி கொண்டுவந்தது. அந்தப் பெட்டியில் டிக் செய்தால் மட்டும் போதாது. காணொளி வாட்ஸப்பில் போகும்போது யூடியூபின் குறிப்பு கூடப் போகாது. ஆகவே காட்சி ஓடும் நேரம் முழுவதும் 'உருவாக்கப்பட்ட காட்சி' என்ற எழுத்து திரைக்குள்ளேயே இருக்கட்டும்.

இனி பெயர்கள். இந்த ஊரின் பெயரையே தமிழில் விழிஞம், விழிஞ்சம், விழிஞ்ஞம் என்று மூன்று விதமாக எழுதுகிறோம். மலையாள எழுத்தை ஒட்டி வருவது விழிஞ்ஞம். எதை எடுத்தாலும், தம்ப்நெயிலில் ஒன்று, கேப்ஷனில் ஒன்று, காணொளிக்குக் கீழே உள்ள விவரத்தில் ஒன்று என்று இருக்கக் கூடாது. வேலை தொடங்கும் முன்பே ஒரு தாளில் பெயர்ப் பட்டியல் போடுங்கள். எழுத்து ஒரு பத்தியில், அதை உச்சரிக்கும் முறை பக்கத்துப் பத்தியில். பேட்டி கொடுத்தவரின் பெயரை அவர் கையாலேயே எழுதச் சொல்லி, அந்தத் தாளைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் போர்ச்சுகீசிய, மலையாள, தமிழ்ப் பெயர்கள் கலந்து வரும். காதால் கேட்டு எழுத்தை ஊகிக்க முடியாது.

கணினிக் குரலைப் பயன்படுத்தினால் உச்சரிப்புப் பத்தி இன்னும் அவசியம். ஆங்கில எழுத்தில் Vizhinjam என்று கொடுத்தால், அந்த zh நம் ழகரம் என்று எல்லாக் கருவிகளுக்கும் தெரியாது. தமிழ் எழுத்தில் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். 2.5.2025 என்று கொடுத்த தேதியை 'இரண்டு புள்ளி ஐந்து' என்று வாசித்துவிடக் கூடும். 'மே இரண்டாம் தேதி' என்று எழுத்தால் எழுதிக் கொடுங்கள்.

திரையில் வரும் தமிழ் எழுத்தின் வடிவத்தையும் இதோடு பார்த்துவிடுங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களில் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அடோபி ப்ரீமியரில் Preferences, Graphics பகுதிக்குப் போய், text engine என்பதை South Asian and Middle Eastern என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மாற்றிய பிறகும் 'ஞ்ஞ'வில் முதல் ஞகரத்தின் புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சில எழுத்துருக்களில் மெல்லிய புள்ளி போன் திரையில் மறைந்துவிடும்.

ஒலிக்கு வருவோம். மே 2 அன்று பிழை தொடங்கிய இடம் இதுதான், அதனால் இங்கே சற்று நிற்கிறேன். ஒலியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எவ்வளவு சத்தம் என்பது ஒன்று. புரிகிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு மீட்டர் பதில் சொல்லும். இரண்டாவதற்கு மனிதக் காதுதான் பதில் சொல்லும்.

சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு எல்யுஎஃப்எஸ். யூடியூப் ஏறத்தாழ −14 என்ற அளவுக்கு மேல் போகும் காணொளியைத் தானே குறைத்து ஒலிக்கச் செய்கிறது. குறைவாக இருப்பதை அது உயர்த்துவதில்லை. நீங்கள் −24இல் ஏற்றினால், முந்தைய காணொளியைப் பார்த்துவிட்டு உங்களுடையதற்கு வருகிறவருக்கு அது முணுமுணுப்பாகத்தான் கேட்கும். ஆகவே −14க்கும் −16க்கும் நடுவே வையுங்கள். உச்சம் −1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் யூடியூப் மறுபடி சுருக்கும்போது உரத்த இடங்களில் கரகரப்பு வரலாம். இதை அளக்க இலவசமான எஃப்எஃப்எம்பெக் போதும்:

```
ffmpeg -i final.mp4 -af ebur128=peak=true -f null -
```

ஓடி முடிந்ததும் கடைசியில் வரும் சுருக்கத்தில் I என்ற வரி சராசரியையும், Peak என்ற வரி உச்சத்தையும் காட்டும்.

ஆனால் கடல் காற்று மைக்கில் அடித்த ஒரு பேட்டியும் சரியாக −14 காட்டும். மீட்டருக்குக் காற்றும் ஒலிதான், பேச்சும் ஒலிதான். அதனால் இரண்டாவது சோதனை வேண்டும். ஸ்கிரிப்டைப் படிக்காத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். இயர்போன் வேண்டாம், கேப்ஷனை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு முறை கேட்டு, காதில் விழுந்த பெயர்களையும் எண்களையும் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதை உங்கள் பெயர்ப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். 'அலையன்ஸ்' 'ஏர்லைன்ஸ்' ஆன மாதிரிப் பிழை இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். எழுதியவருக்கும் எடிட் செய்தவருக்கும் அது அகப்படாது. சொல் என்ன என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், தேய்ந்த ஒலியிலும் சரியான சொல்லே கேட்கும்.

போன் ஸ்பீக்கரில் கேட்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இயர்போனில் நன்றாகக் கேட்கும் குரல், ஒற்றை ஸ்பீக்கரில் காணாமல் போவதுண்டு. இடது, வலது ஒலித்தடங்கள் எதிரெதிர் நிலையில் பதிவாகியிருந்தால், இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். கேபிளோ அடாப்டரோ பொருந்தாத காலர் மைக்கில் இது நடக்கும். பேட்டியை மோனோவாக்கிக் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

கேப்ஷனைப் பற்றிப் பேசும்போது, துறைமுகத்தை விட்டு அதன் பக்கத்திலுள்ள மீன்பிடித் துறைக்குப் போவோம். கேப்ஷன் பிழை உயிரோடு விளையாடும் இடம் அது. ஐதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், உயர் அலை எச்சரிக்கையும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் வெளியிடுகிறது. தெற்கே வெகுதூரத்தில் எழுந்த அலை நாட்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நேரத்தில் கரையேறுவதுதான் கள்ளக்கடல். வானத்தைப் பார்த்துக் கணிக்க வழியில்லை. செய்தியை நம்பித்தான் ஆக வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பிறகு, எச்சரிக்கை எந்த நேரத்தில், எந்த வடிவில் வருகிறது என்பது இந்தக் கரையின் இரண்டு பக்கத்து ஊர்களுக்கும் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த எச்சரிக்கையை நாற்பது விநாடிக் காணொளியாக்குகிறீர்கள். குரல் சொல்கிறது: "நாளை இரவு பதினொன்றரை மணி வரை கடலுக்குப் போகக் கூடாது." கேப்ஷனும் அதையே சொல்கிறது. இரண்டும் பொருந்துகின்றன, இரண்டுமே தவறு. இந்தக் காணொளி அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வாட்ஸப்பில் சுற்றும். அப்போது 'நாளை' எந்த நாள்? குரலிலும் எழுத்திலும் தேதி, கிழமை, மணி மூன்றும் வர வேண்டும். எந்த இடம் முதல் எந்த இடம் வரை என்ற எல்லையும் வர வேண்டும். கேரளக் கரைக்கும் குமரிக் கரைக்கும் அறிவிப்பு தனித்தனியாக வருவதால், ஒன்றின் அலை உயரத்தை மற்றதற்குப் போட்டுவிடாமல், மூல அறிவிப்பைப் பக்கத்தில் திறந்து வைத்து விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுங்கள்.

தானாக உருவாகும் கேப்ஷனை முதல் வரைவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளம் கலந்த தமிழ்ப் பேச்சில் அது அதிகம் தடுமாறும். திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு கேப்ஷன் ஏழு விநாடிக்கு மேல் நிற்க வேண்டாம். எண்ணையும் அதன் அலகையும் இரண்டு கேப்ஷனாகப் பிரிக்காதீர்கள். 'மூன்று' ஒரு திரையில், 'மீட்டர்' அடுத்த திரையில் வந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர் பாதியைத்தான் அனுப்புவார். எஸ்ஆர்டி கோப்பைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

கடைசி ஃப்ரேம்களுக்கு வந்துவிட்டோம். தமிழில் வினை வாக்கியத்தின் முடிவில் வருகிறது. இல்லை, கூடாது, வேண்டாம் என்ற மறுப்பும் முடிவில்தான் வருகிறது. "கடலுக்குப் போகக் கூடாது" என்பதில் கடைசி அரை விநாடி வெட்டுப்பட்டால், "கடலுக்குப் போக" மட்டும் மிஞ்சும். செய்தியின் உயிரே போய்விட்டது. எக்ஸ்போர்ட் செய்யும்போது முடிவுப் புள்ளியை ஒரு விநாடி முன்னால் வைத்துவிடுவதால் இது நடக்கிறது. டைம்லைனில் ஓட்டிப் பார்த்தால் தெரியாது, அங்கே முழுக் குரலும் இருக்கும். எக்ஸ்போர்ட் ஆன கோப்பில் மட்டுமே தெரியும். கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஒரு விநாடியாவது அந்த இடத்தின் ஒலியோடு காட்சி நிற்கட்டும்.

நேர்மாறான பிழையும் உண்டு. முடிவுப் புள்ளியைத் தள்ளி வைத்தால், வெட்டிப் போட்ட ஏதோ ஒரு ஷாட்டின் ஒற்றை ஃப்ரேமோ, பழைய வேலையின் லோகோவோ கடைசியில் மின்னி மறையும். ஓடும்போது கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் காணொளி முடிந்து நின்றதும் திரையில் உறைந்து நிற்பது அந்த ஃப்ரேம்தான். விஎல்சியில் கோப்பைத் திறந்து, கடைசி மூன்று விநாடிக்குப் போய், E விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகருங்கள். ஏஐ உருவாக்கிய ஷாட் எங்கெல்லாம் இருக்கிறதோ, அதன் முடிவிலும் இப்படியே செய்யுங்கள். போகப் போகத்தான் அதில் உருவம் குலையும். கிரேனின் கால் கப்பலோடு ஒட்டிக்கொள்ளும், அடுக்கிய பெட்டிகளின் எண்ணிக்கை மாறும்.

யூடியூபில் இறுதித் திரை வைப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அது கடைசி 5 முதல் 20 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எச்சரிக்கையோ, உதவி எண்ணோ, கோப்புக் காட்சிக் குறிப்போ திரையில் இருந்தால், உங்கள் அடுத்த காணொளியின் பெட்டி அதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும். முக்கியமானது எதையும் அங்கே வைக்காதீர்கள்.

செய்யும் வரிசை முக்கியம். தகவலும் பெயரும் எடிட்டிங் தொடங்கும் முன்பே, ஸ்கிரிப்ட் தாளில் முடிய வேண்டும். ஒலி, கேப்ஷன், கடைசி ஃப்ரேம்கள் மூன்றையும் எக்ஸ்போர்ட் ஆன கோப்பில் மட்டும் பாருங்கள். ஏதாவது ஒன்றைத் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தால், அந்த மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். திருத்தியதை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றும்போதுதான் புதிய பிழை நுழைகிறது. ஒரு கேப்ஷனை மாற்றப் போய் முடிவுப் புள்ளி நகர்ந்துவிடும்.

யூடியூபில் ஏற்றிய பிறகு தலைப்பை மாற்றலாம், கேப்ஷன் கோப்பை மாற்றலாம், ஒரு பகுதியை வெட்டி நீக்கலாம். அதே முகவரியில் வேறு காணொளிக் கோப்பை வைக்க அது அனுமதிப்பதில்லை. வாட்ஸப்பில் பத்துப் பேர் தரவிறக்கி மறுபடி அனுப்பிவிட்டால், அந்தப் பிரதிகளை நீங்கள் எதுவுமே செய்ய முடியாது. எச்சரிக்கைக் காணொளியில் தேதி தவறாகப் போய்விட்டால், சரியானதை உடனே தயாரித்து, 'முன்பு அனுப்பியது தவறு' என்று முதல் ஃப்ரேமிலேயே எழுதி, அனுப்பிய ஒவ்வொரு குழுவுக்கும் மறுபடி அனுப்புங்கள்.